தோப்புக் கடைசியில் இருக்கும் மாட்டுக் கொட்டத்துக்குக் கரண்ட் கொண்டுபோவது எப்படி

ஜெயமங்கலம் பக்கம் புதுசாக வீடு கட்டுகிறவர்கள் தோட்டத்திலேயே கட்டுகிறார்கள். வராக நதித் தண்ணீர் பாயும் வயலும் தென்னந்தோப்பும் வாழையும் உள்ள ஊர். தார் ரோட்டை ஒட்டி வீடு இருக்கும், மாடு கட்டுவது தோப்பின் கடைசியில் இருக்கும். வாடை வரக்கூடாது, ஈ மொய்க்கக்கூடாது, சாணி அள்ளிப் போடக் குழி பக்கத்தில் இருக்கவேண்டும் என்று அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் வயரிங் செய்கிறவனுக்கு அந்தத் தூரம்தான் வேலை. வீட்டு மெயின் போர்டில் இருந்து கொட்டம் வரைக்கும் தொண்ணூறு, நூறு, நூற்றிருபது மீட்டர் ஓடும். கடைசியில் இரண்டு டியூப் லைட், ஒரு ஃபேன், தட்டை வெட்டும் ஒரு குதிரைத்திறன் மோட்டார், செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக்.

இப்படி ஒரு வேலையைப் பார்க்கச் சொல்லி உறவுக்கார அண்ணன் ஒருவர் கூப்பிட்டிருந்தார். லைன் ஏற்கெனவே இழுத்தாகிவிட்டது. 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், வீட்டு போர்டில் 20 ஆம்பியர் எம்.சி.பி., கூடவே கொட்டம் வரைக்கும் ஒரு ஜி.ஐ. கம்பி எர்த்தாக. வேலை செய்த வயர்மேன் தம்பியும் அங்கேயே இருந்தார். "எர்த் நல்லாப் புடிச்சிருக்குண்ணே. நூறு வாட்ஸ் பல்பைப் பேஸ்ல ஒரு முனை, எர்த்துல ஒரு முனை வச்சுப் பார்த்தேன், பளிச்சுன்னு எரியுது" என்றார். அண்ணனுக்கு அதுவே போதுமாக இருந்தது. "எர்த் இருக்குல்லப்பா, அப்புறம் என்ன?"

எர்த் இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்தப் பல்பு பதில் சொல்லிவிட்டது. நான் கேட்கவேண்டியிருந்தது வேறு. கொட்டத்தில் மோட்டாரின் உள்ளே இன்சுலேஷன் போய் பேஸ் வயர் இரும்பு பாடியைத் தொட்டால், வீட்டில் இருக்கும் எம்.சி.பி. எத்தனை நேரத்தில் விழும்? ஒரு நிமிஷத்தில் விழுந்தால் பிரயோஜனம் இல்லை, அதற்குள் யாராவது பாடியில் கை வைத்திருப்பார்கள். நம்முடைய வயரிங் தரநிலையான ஐ.எஸ். 732, 2019ல் திருத்தப்பட்டபோது இதற்குக் கணக்கு வைத்தது. 230 வோல்ட்டில், இந்த மாதிரிக் கடைசிச் சர்க்யூட்டுகளில், எர்த் முழுக்கக் கம்பி வழியாகவே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பும் அமைப்பானால் 0.4 விநாடி. எர்த் மண் வழியாகத் திரும்பும் அமைப்பானால் 0.2 விநாடி. இரண்டாவதற்குப் பாதி நேரம்தான் ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் புத்தகக் கணக்கு. பேஸ் பாடியைத் தொட்டதும் கரண்ட் ஒரு வட்டம் சுற்றுகிறது. டிரான்ஸ்பார்மரில் கிளம்பி, தெரு லைன் வழியாக வீட்டுக்கு வந்து, நூறு மீட்டர் பேஸ் வயரில் கொட்டத்துக்குப் போய், பாடி வழியாக எர்த் வயரில் இறங்கி, திரும்ப டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலுக்கு வந்து சேரவேண்டும். அந்த வட்டம் முழுவதிலும் உள்ள தடையின் கூட்டுத்தொகைதான் எர்த் லூப் இம்பீடன்ஸ்.

```
Zs = Ze + R1 + R2
If = 0.95 × 230 / Zs
```

Ze என்பது வீட்டு போர்டு வரைக்கும் உள்ள வெளிப்பகுதி. R1 நம்முடைய பேஸ் வயர், R2 நம்முடைய எர்த் வயர். 0.95 என்பது வோல்டேஜ் குறைந்திருக்கும் நேரத்துக்காகக் கழிக்கும் கழிவு. சாயங்காலம் தெரு முழுக்க மோட்டார் ஓடும் நேரத்தில் இந்த வட்டாரத்தில் வோல்டேஜ் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் அந்தக் கழிவை அதிகம் என்று சொல்லமாட்டார்கள்.

2.5 சதுர மி.மீ. செம்பு வயர் மீட்டருக்கு 7.41 மில்லி ஓம். நூறு மீட்டருக்கு 0.741 ஓம். எர்த்தும் அதே அளவுச் செம்பு என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து 1.48 ஓம். இது 20 டிகிரிச் சூட்டில் உள்ள கணக்கு. சுமை ஓடிச் சூடேறிய பி.வி.சி. வயர் 70 டிகிரி வரை போகலாம், அப்போது தடை ஐந்தில் ஒரு பங்கு கூடும். 1.2 ஆல் பெருக்கினால் 1.78 ஓம். டிரான்ஸ்பார்மர் முந்நூறு மீட்டர் தள்ளி இருந்தால், தெருவில் ஓடும் அலுமினியக் கம்பியின் போக்குவரத்தும் டிரான்ஸ்பார்மரின் சொந்தத் தடையும் சேர்ந்து 0.6 ஓம் வரலாம். ஆக மொத்தம் 2.38 ஓம். கழிவு போக வரும் கரண்ட் 92 ஆம்பியர்.

92 ஆம்பியர் கேட்க நிறையத்தான் இருக்கிறது. எம்.சி.பி.க்கு அது போதுமா என்பது அதன் மேல் எழுதியிருக்கும் எழுத்தைப் பொறுத்தது. 'சி' வகை எம்.சி.பி. தன் அளவைப் போல ஐந்து மடங்கிலிருந்து பத்து மடங்குக்குள் ஏதோ ஓர் இடத்தில் உடனடியாக விழும். பத்து மடங்கு வந்தால்தான் விழுந்தே தீரும் என்று தரநிலை உறுதி கொடுக்கிறது. சி20 என்றால் 200 ஆம்பியர் வேண்டும். நமக்கு வருவது 92, ஐந்து மடங்கைக்கூட எட்டவில்லை. உள்ளே இருக்கும் காந்தச் சுருள் அசையாது. இரட்டை உலோகப் பட்டை சூடேறி வளைந்தால்தான் விழும், அதற்குச் சில விநாடிகள் ஆகும். 0.4 விநாடி என்ற கணக்கில் தோல்வி. 'பி' வகையாக இருந்தால் மூன்றிலிருந்து ஐந்து மடங்கு, அதாவது பி20க்கு 100 ஆம்பியர் வேண்டும். நூலிழையில் அதுவும் தோல்வி.

இது எர்த் செம்பாக இருந்தால். அந்தத் தம்பி இழுத்திருந்தது 14ஆம் நம்பர் ஜி.ஐ. கம்பி. நம் ஊரில் லைட் சர்க்யூட்டுக்கு எர்த் என்றால் பெரும்பாலும் அதுதான். விலை குறைவு, களவு போகாது, கொக்கி போட்டு இழுத்தால் தாங்கும். ஆனால் இரும்பின் தடை செம்பைப் போல ஏழெட்டு மடங்கு. 14ஆம் நம்பர் கம்பி இரண்டு மி.மீ. தடிமன், நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 4.3 ஓம். அதை வைத்துக் கணக்குப் போட்டால் மொத்த லூப் 5.8 ஓம், கரண்ட் 38 ஆம்பியர். சி20க்கு அது இரண்டு மடங்குகூட இல்லை. இந்த அளவில் தரநிலை கொடுக்கும் உறுதி என்ன தெரியுமா? 1.45 மடங்கு, அதாவது 29 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழவேண்டும். 2.55 மடங்கு, 51 ஆம்பியர் ஓடினால் ஒரு நிமிஷத்துக்குள் விழவேண்டும். 38 இரண்டுக்கும் நடுவில். 8ஆம் நம்பர் கம்பி போட்டிருந்தால் நூறு மீட்டருக்கு ஒரு ஓம் சொச்சம்தான் வரும். அது கம்பிக் கணக்கைச் செம்பு எர்த்தின் பக்கத்தில் கொண்டுவரும், ஆனாலும் சி20 உடனே விழாது.

ஆனால் இந்தக் கணக்கு முழுக்க ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது. வீட்டு எர்த்துக்கும் டிரான்ஸ்பார்மர் நியூட்ரலுக்கும் நடுவில் ஒரு கம்பி ஓடுகிறது என்ற அனுமானம். சொந்த டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் மில், ஆஸ்பத்திரி, கல்லூரி போன்ற இடங்களில் அது உண்மை. டிரான்ஸ்பார்மர் நியூட்ரலையும் கட்டடத்தின் எர்த்தையும் அங்கே பட்டை போட்டு இணைத்திருப்பார்கள். தோட்டத்து வீட்டில் நிலைமை வேறு. இ.பி. கம்பத்திலிருந்து நமக்கு வருவது பேஸும் நியூட்ரலும். எர்த் நம் வீட்டு வாசலில் நாமே தோண்டிய குழி. அங்கிருந்து டிரான்ஸ்பார்மரின் எர்த்துக்குப் போகும் வழி ஜெயமங்கலத்து மண்தான்.

மண்ணின் தடையைச் சேர்த்தால் மேலே போட்ட கணக்கு எல்லாம் சில்லறை ஆகிவிடும். எர்த் போடுவதற்கான தரநிலை ஐ.எஸ். 3043. அதில் குழாய் எர்த்துக்கு ஒரு சூத்திரம் உண்டு.

```
R = ρ / (2 π L) × ln(4 L / d)
```

இரண்டரை மீட்டர் நீளம், 40 மி.மீ. குழாய். மண்ணின் தடையெண் 50 ஓம்-மீட்டர் என்று வைத்தால், அது ஈரமுள்ள வயல் மண்ணுக்குப் பொருந்தும் அளவு, விடை 17.6 ஓம். டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த் 2 ஓம், கம்பிகள் எல்லாம் சேர்த்து தாராளமாக ஒரு ஓம் என்று வையுங்கள். மொத்த லூப் 20.6 ஓம். 230ஐ அதால் வகுத்தால் 11.2 ஆம்பியர்.

இருபது ஆம்பியர் எம்.சி.பி. பதினோரு ஆம்பியருக்கு ஏன் விழப்போகிறது? ஒரு அயர்ன் பாக்ஸும் ஒரு வாட்டர் ஹீட்டரும் ஓடுவதாக நினைத்துக்கொண்டு அது பாட்டுக்கு நிற்கும். 0.4 விநாடி, ஒரு மணி நேரம் என்ற பேச்சே இல்லை, ஒருபோதும் விழாது. 8ஆம் நம்பர் ஜி.ஐ. போட்டாலும், செம்புப் பட்டையே போட்டாலும் இதில் மாற்றம் வராது. இருபது ஓமில் பதினேழரை ஓம் மண்ணுக்குள் இருக்கிறது. கம்பியில் மிச்சம் பிடிப்பது கடலில் ஒரு குடம் மொள்வது மாதிரி.

அந்தப் பதினோரு ஆம்பியர் ஓடும் நேரத்தில் பாடியில் எவ்வளவு வோல்டேஜ் இருக்கும்? 11.2ஐ 17.6ஆல் பெருக்கினால் 197 வோல்ட். மண் வழி அமைப்புக்கு ஏன் 0.2 விநாடி என்று கேட்டோமே, காரணம் இதுதான். கம்பி வழி அமைப்பில் பேஸும் எர்த்தும் ஒரே அளவு வயராக இருந்தால் பாடியில் ஏறுவது ஏறக்குறையப் பாதி வோல்டேஜ். மண் வழியில் கிட்டத்தட்ட முழுசும் பாடியில் ஏறிவிடுகிறது. அதிக வோல்டேஜ், அதனால் குறைந்த நேரம்.

அண்ணன் இதைக் கேட்டதும் "கொட்டத்துப் பக்கம் புள்ளைக போகாம பாத்துக்கலாம்" என்றார். கொட்டத்தோடு நின்றால் அப்படிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கொட்டத்து எர்த் கம்பி வீட்டுக் குழியில்தானே முடிகிறது? அந்தக் குழியோடுதான் வீட்டு ஃபிரிட்ஜ், கிரைண்டர், போர் மோட்டார் எல்லாவற்றின் பாடியும் கட்டப்பட்டிருக்கின்றன. நூறு மீட்டர் தள்ளி ஒரு மோட்டாரில் கோளாறு வந்தால், அடுப்படியில் வெறுங்காலோடு நின்று ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கிறவருக்கு 197 வோல்ட். கோளாறு எங்கே என்று தேடுகிறவரும் முதலில் ஃபிரிட்ஜைத்தான் கழற்றுவார்.

இந்தக் கசிவு மீட்டரில் தெரியும் என்பது ஒரு சின்ன ஆறுதல். இரண்டரை கிலோவாட் இடைவிடாமல் ஓடினால் நாளைக்கு அறுபது யூனிட் ஆகும். ஆனால் ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. அதுவரை யாரும் தொடாமல் இருக்கவேண்டும்.

இனி அந்தப் பல்பு சோதனைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வட்டாரத்தில் எர்த் பார்க்க அதைத்தான் செய்கிறார்கள். நூறு வாட்ஸ் குண்டு பல்பு எரியும்போது அதன் தடை 529 ஓம். எர்த் 20 ஓமாக இருந்தால் வோல்டேஜில் 96 சதவீதம் பல்புக்கே போய்விடும், பளிச்சென்று எரியும். எர்த் கெட்டுப்போய் 100 ஓமாக இருந்தாலும் பல்புக்கு 190 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும், கொஞ்சம் மங்கல் என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். எம்.சி.பி. விழ வேண்டுமானால் மொத்த லூப் 1.15 ஓமுக்குள் இருக்கவேண்டும். 1.15 ஓமையும் நூறு ஓமையும் பிரித்துச் சொல்ல முடியாத கருவியை வைத்து எர்த் நன்றாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அதுபோக, அந்த நேரத்தில் எர்த் கம்பி எங்காவது அறுந்திருந்தால் அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் உள்ள எல்லா பாடியிலும் பல்பு வழியாகக் கரண்ட் ஏறும். பல்பு எரியவில்லை என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் பாடியைத் தொட்டிருப்பார். இந்தச் சோதனையை விட்டுவிடுவது நல்லது.

குழியைப் பெரிசாக்கலாமே, இன்னும் நாலு குழாய் இறக்கலாமே என்று கேட்பார்கள். செலவு செய்யத் தயாராக இருக்கிறவர்கள்தான் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். சி20க்கு வேண்டிய 1.15 ஓமில் டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த்தையும் சேர்க்கவேண்டும். நம் கணக்கில் அதுவே 2 ஓம். நம் பக்கத்தைப் பூஜ்யம் ஆக்கினாலும் கணக்கு நேராகாது. உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் சில மாதம் தடை குறையும். மழைக்கும் வாய்க்கால் தண்ணீருக்கும் உப்பு கரைந்து போகும், குழாயையும் அரிக்கும். சித்திரை வெயிலில் வயல் வெடித்துக் கிடக்கும்போது மண்ணின் தடையெண் நாலு மடங்கு ஆனால் அதே குழாய் 70 ஓம் காட்டும்.

ஆக, தோட்டத்து வீட்டில் எர்த் கோளாறுக்கு எம்.சி.பி.யை நம்பக்கூடாது. அதற்கு உரிய கருவி ஆர்.சி.சி.பி. நம் பக்கத்தில் இன்னமும் ஈ.எல்.சி.பி. என்றே கேட்கிறார்கள், கடைக்காரர் புரிந்துகொண்டு சரியானதையே கொடுப்பார். பேஸில் போன கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்ட்டும் சமமா என்று அது பார்க்கிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் விழவேண்டும். அந்த வித்தியாசம் மண்ணுக்குள்ளோ மனிதர் வழியாகவோ போனது என்று பொருள். இதற்கு வேண்டிய எர்த் கணக்கு மிகவும் தாராளமானது.

```
RA × 0.03 ≤ 50
```

எர்த் தடையை 0.03 ஆம்பியரால் பெருக்கினால் 50 வோல்ட்டுக்குள் வரவேண்டும், அவ்வளவுதான். 1,667 ஓம் வரை தாங்கும். 17.6 ஓமும் சித்திரை மாதத்து 70 ஓமும் இதில் சாதாரணமாக அடங்கிவிடும். 200 ஓமுக்கு மேல் போகும் எர்த் நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்பதால் அதற்குள் வைத்துக்கொள்வது வழக்கம். நேரமும் கவலை இல்லை. 30 மில்லி ஆம்பியரில் 0.3 விநாடிக்குள் விழவேண்டும், அதன் ஐந்து மடங்கான 150 மில்லி ஆம்பியர் வந்தால் 0.04 விநாடிக்குள் விழவேண்டும் என்பது அந்தக் கருவியின் தரநிலை. நம் கோளாறில் ஓடுவது 11 ஆம்பியர், சித்திரையில்கூட மூன்று ஆம்பியர். 0.2 விநாடி என்ற வரம்புக்கு ரொம்ப முன்னாலேயே வேலை முடிந்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகளே சிறு இணைப்புகள் நீங்கலாக எர்த் லீக்கேஜ் கருவி வேண்டும் என்று சொல்லிவிட்டன.

அதை எங்கே வைப்பது என்பதில்தான் தூரம் மறுபடி குறுக்கே வருகிறது. கொட்டத்தில் வைத்தால் மாடு கட்டுகிறவருக்கு வசதி, விழுந்தால் அங்கேயே தூக்கிவிடலாம். ஆனால் நூறு மீட்டர் கேபிள் அதற்கு முன்னால் இருக்கிறது. மண்வெட்டி பட்டு கேபிள் கிழிந்தாலும், வரப்பில் எலி கடித்தாலும் கொட்டத்தில் உள்ள கருவிக்குத் தெரியாது. அதனால் கொட்டத்து லைன் கிளம்பும் இடத்தில், வீட்டு போர்டிலேயே, அந்த லைனுக்கு என்று தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைக்கச் சொன்னேன். வீட்டுக்கும் கொட்டத்துக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று வைத்தால் கொட்டத்தில் மழைச் சாரல் பட்ட நேரத்தில் வீடு முழுக்க இருட்டாகும். இரண்டு மூன்று தடவை இருட்டானால் யாராவது அதை பைபாஸ் செய்துவிடுவார்கள்.

கூடவே இன்னொன்றும் சொன்னேன். வீட்டுக் குழியிலிருந்து ஓடும் அந்த ஜி.ஐ. கம்பியை அவிழ்த்துவிட்டு, கொட்டத்துக்குப் பக்கத்திலேயே தனிக் குழாய் எர்த் இறக்கி, மோட்டார் பாடி, இரும்புத் தூண், தண்ணீர்க் குழாய், தீவனத் தொட்டியின் இரும்புச் சட்டம் எல்லாவற்றையும் அதோடு கட்டுங்கள். எர்த் எப்படியும் மண் வழிதான் திரும்பப்போகிறது என்றால் வீடு வரைக்கும் கொண்டுபோய் இறக்குவானேன்? கொட்டத்துக் கோளாறு ஃபிரிட்ஜுக்குப் போகும் வழியும் இதோடு அடைபடும். சாணித் தண்ணீர் ஊறும் இடம் என்பதால் அங்கே மண்ணுக்கும் ஈரம் குறையாது.

எல்லாம் சரி, ஆர்.சி.சி.பி. வைத்தாகிவிட்டது, இனி 2.5 வயரும் சி20ம் அப்படியே இருக்கலாமா? இருக்கக்கூடாது. பேஸும் நியூட்ரலும் ஒன்றையொன்று தொட்டால் ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியாது, போனதும் வந்ததும் சமம்தான். அந்த ஷார்ட்டை எம்.சி.பி.தான் அறுக்கவேண்டும். இந்த வட்டத்தில் மண் இல்லை, பேஸ் வயரும் நியூட்ரல் வயரும் மட்டுமே, அதனால் முதலில் போட்ட புத்தகக் கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. 2.38 ஓம், 92 ஆம்பியர், சி20 உடனே விழாது. ஓலைக் கூரைக்கும் வைக்கோல் படப்புக்கும் பக்கத்தில் சில விநாடி தீப்பொறி பறக்கும்.

வயரை 4 சதுர மி.மீ. ஆக்கினால் மீட்டருக்கு 4.61 மில்லி ஓம். போக்குவரத்து 0.92, சூடேறினால் 1.11, வெளிப்பகுதி 0.6 சேர்த்து 1.71 ஓம். கரண்ட் 128 ஆம்பியர். சி20க்கு இன்னும் 200 வேண்டும், ஆகவில்லை. பி20க்கு 100 போதும், ஆகிவிட்டது. இதில் வேடிக்கை, வயரைத் தடிமன் ஆக்கியதோடு எம்.சி.பி.யின் எழுத்தையும் மாற்றினால்தான் கணக்கு நேராகிறது. கடையில் எம்.சி.பி. என்று மட்டும் கேட்டால் 'சி' வகையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், 'பி' வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும். மோட்டார் கிளம்பும்போது 'பி' விழுந்துவிடாதா என்ற சந்தேகம் நியாயமானது. ஒரு குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார் ஏழு ஆம்பியர் எடுக்கும், கிளம்பும் கணத்தில் நாற்பது ஆம்பியர் போகலாம். பி20 உடனடியாக விழ ஆரம்பிப்பது 60 ஆம்பியரில். தாங்கும். இரண்டு குதிரைத்திறன் மோட்டார் வாங்கப்போவதாக அண்ணன் சொல்லியிருந்தால் 6 சதுர மி.மீ. வயரில் இருந்து கணக்கைத் திரும்பத் தொடங்கியிருப்பேன்.

வோல்டேஜ் இறக்கத்துக்கும் இந்த 4 சதுர மி.மீ. உதவுகிறது. ஏழு ஆம்பியருக்கு 2.5 வயரில் பன்னிரண்டரை வோல்ட் வழியிலேயே போய்விடும், 4ல் எட்டுக்குள் நிற்கும்.

ஒரு குறுக்குவழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தூரத்துக் கொட்டத்தில் எர்த் இல்லாவிட்டால் மோட்டார் பாடியை நியூட்ரலோடு முடிச்சுப் போட்டுவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. "நியூட்ரலும் எர்த்தும் ஒண்ணுதானேண்ணே" என்பார்கள். டிரான்ஸ்பார்மர் அடியில் ஒன்றுதான். நூறு மீட்டர் தள்ளி, ஏழு ஆம்பியர் ஓடும்போது நியூட்ரல் வயரிலேயே நாலு வோல்ட் இறங்குகிறது, அது பாடியில் ஏறி நிற்கும். மனிதருக்கு அது தெரியாது. ஈரத் தரையில் நாலு காலையும் அகட்டி நின்று இரும்புத் தொட்டியில் வாய் வைக்கும் மாடு அதை உணரும். தண்ணீர் குடிக்காமல் முரண்டு பிடிக்கிறது, கறக்கும்போது உதைக்கிறது என்று வைத்தியரைக் கூப்பிடுவார்கள். வழியில் நியூட்ரல் அறுந்தால் இன்னும் மோசம், ஸ்விட்ச் போட்டதும் பேஸ் மோட்டாரின் சுருள் வழியாக வந்து பாடியில் முழு 230 வோல்ட்டாக நிற்கும். ஆர்.சி.சி.பி. இருந்தால் இப்படி முடிச்சுப் போட்ட லைனில் சுமை போட்டவுடன் விழலாம். 'இந்தக் கருவி சும்மா சும்மா விழுது' என்ற புகாரில் ஒரு பங்கு இதுதான்.

புகாரின் இன்னொரு பங்கு ஈரம். 30 மில்லி ஆம்பியர் கசிய 230 வோல்ட்டுக்கு எட்டாயிரம் ஓம் அளவுக்கு இன்சுலேஷன் இறங்கினால் போதும், அதன் பாதிக் கசிவிலேயே கருவி விழத் தொடங்கலாம். சுமைகளை எல்லாம் கழற்றிவிட்டு, பேஸையும் நியூட்ரலையும் எர்த்தோடு ஒப்பிட்டு 500 வோல்ட் மெகர் போட்டுப் பார்த்தால் ஒரு மெகா ஓமாவது வரவேண்டும். வராவிட்டால் எங்காவது டேப் சுற்றிய ஜாயின்ட் இருக்கும். நூறு மீட்டரையும் ஒரே துண்டாக, ஜாயின்ட் இல்லாமல் வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

வேலை முடிந்த பிறகு சோதித்த விதம். முதலில் கொட்டத்து எர்த் குழாயைத் தனியாகக் கழற்றி, எர்த் மெகரில் இரண்டு ஆணி அடித்து அளப்பது. பிறகு லூப் டெஸ்டரைக் கொட்டத்துக் கடைசி பிளக்கில் சொருகி, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒரு ரீடிங். வயர் சூடேறாத நேரத்தில் எடுப்பதால் கணக்கைவிடக் குறைவாகத்தான் வரவேண்டும். நம் லைனில் 1.5 ஓம் சுமாருக்கு வந்தால் ஒழுங்கு, இரண்டைத் தாண்டினால் எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது. அடுத்து பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில், ஆர்.சி.சி.பி.யை விழ வைக்காத முறையில் ஒரு ரீடிங். இது பத்து இருபது ஓமில் வந்தால் திகைக்கவேண்டாம், மண் பேசுகிறது. கடைசியாக ஆர்.சி.சி.பி. டெஸ்டரில் 30க்கும் 150க்கும் விழும் நேரம். கருவியின் மேல் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்துவது நல்ல பழக்கம், ஆனால் அது கருவியின் உள்பக்கம் வேலை செய்கிறதா என்று மட்டும் சொல்லும். எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டனை அழுத்தினால் விழும்.

தோட்டத்தில் தூரமாக லைன் இழுக்கப்போகிறவர்கள் வேலைக்குக் கூலி கொடுக்கும் முன் ஒரு தாளில் நாலு எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கடைசி பிளக்கில் பேஸ்–நியூட்ரல் லூப் எத்தனை ஓம், எர்த் குழாய் எத்தனை ஓம், மெகர் எவ்வளவு காட்டியது, ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி விநாடியில் விழுந்தது. அளக்கும் கருவி தன்னிடம் இல்லை என்று வயர்மேன் சொன்னால், வைத்திருக்கிற ஒருவரை அரை நாள் கூப்பிடுங்கள். எர்த் குழாயைச் சித்திரையில் இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்கள்.